பாதி குறைந்தால் இரட்டிப்பாக வேண்டும்: சென்செக்ஸின் ஆறு ஆண்டுக் கணக்கு

2010 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் விரித்தார். 2007 டிசம்பர் கடைசியில் சென்செக்ஸ் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்றில் ஒரு லட்சம் ரூபாய் போட்டிருந்தார். நோட்டில் இரண்டே வரிகள். 2008-க்கு எதிரே கழித்தல் 52, 2009-க்கு எதிரே கூட்டல் 81. அடியில் கோடு போட்டு 29 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டமும் இட்டிருந்தார்.

"ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் 86,000 சொச்சம்தான் இருக்கிறது. நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், நீயே பாரப்பா" என்றார்.

யாரும் கை வைக்கவில்லை. அவர் எழுதிய இரண்டு சதவீதங்களும் சரி, ஸ்டேட்மென்ட்டும் சரி. அவர் போட்ட கூட்டல் குறிதான் தப்பு. அன்று திண்ணையில் அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பேனாவும் தாளும் போதும். பின்பகுதிக்கு எக்செல் அல்லது கூகுள் ஷீட் இருந்தால் வசதி.

முதல் படி: சதவீதத்தைப் பெருக்கும் எண்ணாக மாற்றுங்கள்

52 சதவீதம் என்றால் எதில் 52 சதவீதம் என்று கேட்க வேண்டும். 2008-இல் இறங்கிய 52, ஒரு லட்சத்தில் 52. 2009-இல் ஏறிய 81, மிஞ்சியிருந்த ஏறத்தாழ 47,500 ரூபாயில் 81. அடித்தளம் வேறு வேறாக இருக்கும் இரண்டு சதவீதங்களைக் கூட்டுவது, படி அரிசியையும் மரக்கால் அரிசியையும் எண்ணிக்கையாகக் கூட்டுவதைப் போன்றது.

எனவே இறக்கத்தை 1-லிருந்து கழியுங்கள், ஏற்றத்தை 1-உடன் கூட்டுங்கள், வந்த எண்களைப் பெருக்குங்கள். 52.4 சதவீத இறக்கம் 0.476 ஆகும். 81 சதவீத ஏற்றம் 1.81 ஆகும். இரண்டையும் பெருக்கினால் 0.861 சொச்சம். ஒரு லட்சம், ஏறத்தாழ 86,100 ஆகிவிட்டது. சித்தப்பாவின் ஸ்டேட்மென்ட் சொன்னதும் அதைத்தான்.

பெருக்கல் என்பதால் வரிசை மாறினாலும் விடை மாறாது. முதலில் 81 ஏறிப் பிறகு 52.4 இறங்கியிருந்தாலும் அதே 86,100-தான். "முதலிலேயே விழுந்ததால்தான் இப்படி" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் பணம் போடாமலும் எடுக்காமலும் இருப்பவருக்கு அது பொருந்தாது.

இரண்டாம் படி: விழுந்ததை மீட்க எவ்வளவு ஏற வேண்டும்

100 ரூபாய் 50 ஆனால், மறுபடி 100 ஆவதற்கு இன்னொரு 50 ரூபாய் வேண்டும். ஆனால் கையில் இருப்பதும் 50 ரூபாய்தான். அந்த 50-க்கு 50 என்பது 100 சதவீதம். இதையே பொதுவாகச் சொன்னால், இழந்த தொகையை மிஞ்சிய தொகையால் வகுக்க வேண்டும்.

| இறக்கம் (%) | மீள வேண்டிய ஏற்றம் (%) |
|---|---|
| 10 | 11.1 |
| 20 | 25 |
| 33.3 | 50 |
| 50 | 100 |
| 60 | 150 |
| 80 | 400 |
| 90 | 900 |

10 சதவீத இறக்கத்துக்கு 11 ஏறினால் போதும் என்பதால் சிறிய சரிவுகளில் கூட்டல் கணக்கும் ஏறத்தாழச் சரியாகவே வரும். அதனால்தான் இந்தத் தவறு பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்துவிடுகிறது. அட்டவணையின் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். 80 சதவீதம் விழுந்த நூறு ரூபாய்ப் பங்கில் 20 ரூபாய் மிஞ்சியிருக்கிறது. அது 90 சதவீதச் சரிவாக ஆவதற்கு "இன்னும் பத்துதானே" என்று தோன்றும். ஆனால் அப்போது மிஞ்சுவது 10 ரூபாய். அதாவது 80 சதவீதம் விழுந்தபோது வாங்கியவரின் பணமும் பாதியாகிவிட்டது. "ஏற்கெனவே 80 சதவீதம் விழுந்துவிட்டது, இதற்கு மேல் எங்கே விழும்" என்று வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இது.

இங்கே எதிர்த் திசையிலும் ஒரு தப்பு நடக்கிறது. 50 விழுந்து 100 ஏற வேண்டும் என்றதும், ஏறுவது விழுவதைவிட இரண்டு மடங்கு கடினம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெருக்கல் கணக்கில் பாதியாவதும் இரட்டிப்பாவதும் ஒரே அளவுள்ள இரண்டு அடிகள். ஒன்று கீழே, மற்றது மேலே. சதவீதம் என்ற அளவுகோல்தான் அவற்றை வேறு வேறு எண்களாகக் காட்டுகிறது. உண்மையான சிரமம் காலத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் இரட்டிப்பாக ஆறு ஆண்டுக்கும் சற்று மேலாகும். பாதியாவதற்குச் சந்தைக்குச் சில மாதங்கள் போதும்.

மூன்றாம் படி: ஏற்ற இறக்கம் வளர்ச்சியை எவ்வளவு இழுக்கிறது

இப்போது பெரிய சரிவை விட்டுவிட்டு, சாதாரண ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 10 ஏறுகிறது, அடுத்த ஆண்டு 10 இறங்குகிறது. சராசரி பூஜ்யம். ஆனால் 1.1 × 0.9 = 0.99. நூறு ரூபாய் 99 ஆகிவிட்டது.

ஆட்டத்தை 20 ஆக்கினால் 1.2 × 0.8 = 0.96. நான்கு ரூபாய் போய்விட்டது. 40 ஆக்கினால் 1.4 × 0.6 = 0.84. பதினாறு ரூபாய்.

1, 4, 16. ஆட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகிறது. காரணம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். (1 + x)(1 − x) = 1 − x². இழப்பு x வர்க்கம். இது இரண்டு ஆண்டுகளுக்கான இழப்பு என்பதால், ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ அதில் பாதி. இதைத்தான் ஏற்ற இறக்கத்தின் இழுவை என்கிறார்கள். சராசரி பூஜ்யமாக இல்லாவிட்டாலும், ஆட்டம் ஒழுங்கற்றதாக இருந்தாலும், இதே விதி தோராயமாகப் பொருந்தும். x என்ற இடத்தில் திட்ட விலக்கத்தை, அதாவது ஆண்டு மாற்றங்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவை, வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்:

கூட்டு வளர்ச்சி ≈ சராசரி − (திட்ட விலக்கத்தின் வர்க்கம் ÷ 2)

திட்ட விலக்கம் 10 சதவீதமாக இருந்தால் இழுவை அரை சதவீதம், கவலைப்பட ஒன்றுமில்லை. 20-க்கு 2 சதவீதம். 40-க்கு 8 சதவீதம். இந்த எட்டு எப்படியிருக்கும் என்பதைச் சென்செக்ஸ் ஒருமுறை நமக்குக் காட்டியிருக்கிறது.

நான்காம் படி: உண்மையான எண்களில் போட்டுப் பாருங்கள்

ஒரு ஷீட்டைத் திறந்து, முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, A2 முதல் A8 வரை ஆண்டுகளையும் B2 முதல் B8 வரை சென்செக்ஸின் ஆண்டு இறுதிப் புள்ளிகளையும் இடுங்கள். மூன்றாம் நெடுவரிசையைச் சூத்திரம் போட்டு வரவழைக்க வேண்டும்.

| ஆண்டு இறுதி | சென்செக்ஸ் | மாற்றம் (%) |
|---|---|---|
| 2007 | 20,287 | |
| 2008 | 9,647 | −52.4 |
| 2009 | 17,465 | +81.0 |
| 2010 | 20,509 | +17.4 |
| 2011 | 15,455 | −24.6 |
| 2012 | 19,427 | +25.7 |
| 2013 | 21,171 | +9.0 |

C3-இல் முதல் சூத்திரத்தை இட்டு C8 வரை இழுத்துவிடுங்கள். மற்றவற்றைக் காலியாக உள்ள கட்டங்களில் ஒவ்வொன்றாக இட்டு, சூத்திரம் உள்ள எல்லாக் கட்டங்களுக்கும் சதவீத வடிவம் கொடுங்கள்.

```
=B3/B2-1
=AVERAGE(C3:C8)
=STDEV.P(C3:C8)
=AVERAGE(C3:C8)-STDEV.P(C3:C8)^2/2
=(B8/B2)^(1/6)-1
```

சராசரி 9.3 சதவீதம் என்று வரும். ஆறு ஆண்டுகளில் நான்கு ஏற்றம், இரண்டு இறக்கம், சராசரி 9.3. கேட்பவருக்கு நல்ல முதலீடு என்றே தோன்றும். ஆனால் 20,287-இல் தொடங்கிய சென்செக்ஸ் ஆறு ஆண்டு கழித்து 21,171-இல் நிற்கிறது. ஒரு லட்சம் 1,04,400 ரூபாய்கூட ஆகவில்லை. கடைசிச் சூத்திரம் தரும் கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 0.7 சதவீதம்தான்.

9.3 எங்கே போயிற்று? திட்ட விலக்கம் 41.7 சதவீதம். அதன் வர்க்கம் 0.174, பாதி 0.087. இழுவை 8.7 சதவீதம். 9.3-லிருந்து அதைக் கழித்தால் 0.6 சொச்சம். நான்காம் சூத்திரம் இதைத்தான் காட்டும். தோராயமான விதி, இவ்வளவு மோசமான ஆண்டுகளிலும், உண்மையான விடைக்கு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்து நிற்பதை முதல் முறை பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை வெறும் புள்ளிகள், டிவிடெண்ட் சேரவில்லை. சேர்த்தால் ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்போல் கூடும். அப்போதும் வங்கிச் சேமிப்புக் கணக்கைத் தாண்டுவது கடினம்தான். மேலும், நான் வேண்டுமென்றே உச்சிக்குப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். அதே அட்டவணையில் 2008 இறுதியில் தொடங்கினால் ஐந்து ஆண்டுகளில் கூட்டு வளர்ச்சி 17 சதவீதம். ஆறு ஆண்டுகளை வைத்துக்கொண்டு சந்தை நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுத முடியாது. சராசரிக்கும் கூட்டு வளர்ச்சிக்கும் இடையில் எவ்வளவு பெரிய பள்ளம் விழ முடியும் என்பதைப் பார்க்கத்தான் இந்த எண்கள்.

எங்கே தப்பு வரும்

ஷீட்டில் STDEV.P-க்குப் பதிலாக STDEV.S இட்டால் திட்ட விலக்கம் 45.7 என்று வரும். அதை வைத்துக் கழித்தால் விடை மைனஸ் ஒன்றுக்கும் கீழே போய்விடும். இருபது, முப்பது ஆண்டுத் தரவில் இந்த வேறுபாடு சிறியது. ஆறு ஆண்டில் பெரியது. நடந்து முடிந்த ஒரு காலத்தின் கணக்கை அதே காலத்துக்குச் சரிபார்க்கும்போது P உள்ளதையே பயன்படுத்துங்கள். விடை சரியா என்று சந்தேகம் வந்தால் கடைசிச் சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். அதுதான் உண்மை, மற்றது தோராயம்.

ஆட்டம் மிகப் பெரிதானால் தோராயம் பிசகும். ஓர் ஆண்டு 100 ஏறி மறு ஆண்டு 50 இறங்கினால் சராசரி 25, திட்ட விலக்கம் 75, விதி சொல்வது மைனஸ் 3.1. உண்மை பூஜ்யம்.

இன்னொரு தப்பு, ஒரே இழுவையை இரண்டு முறை கழிப்பது. மியூச்சுவல் ஃபண்ட் ஃபேக்ட் ஷீட்டில் சிஏஜிஆர் என்று போட்டிருந்தால் அது கூட்டு வளர்ச்சி. ஆட்டத்தின் பாதிப்பு அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதிலிருந்து மறுபடி கழித்து "உண்மையில் இவ்வளவுதான் கிடைக்கும்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இழுவை என்பது யாரோ பிடித்துக்கொள்ளும் கட்டணம் அல்ல. சராசரி என்ற எண்ணை நம்பியவருக்கும் பணத்தைக் கையில் எண்ணியவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம். கழிக்க வேண்டியது வெறும் சராசரியை யாராவது சொன்னால் மட்டும்தான். ஒவ்வோர் ஆண்டின் லாப சதவீதத்தையும் கூட்டி வகுத்து விற்கும் முகவரிடம், "அன்று போட்ட ஒரு லட்சம் இன்று எவ்வளவு?" என்று கேட்டால் விஷயம் முடிந்துவிடும்.

மாதாமாதம் எஸ்ஐபி கட்டியவருக்கும் இந்த 0.7 பொருந்தாது. அவர் 2009 தொடக்கத்தில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் புள்ளிகளிலும் வாங்கியிருப்பார். அவருடைய கணக்கை ஷீட்டில் XIRR வைத்துத் தனியாகப் போட வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்டத்தைக் குறைத்தால் என்ன ஆகும்

இழுவை வர்க்கமாக வளர்கிறது என்பதைத் திருப்பிப் போட்டால், ஆட்டத்தைப் பாதியாக்கினால் இழுவை கால்வாசியாகும். இதை அதே ஆறு ஆண்டுகளில் சோதிப்போம். ஒரு லட்சத்தில் பாதி சென்செக்ஸில், பாதி வைப்பு நிதியில். வைப்பு நிதிக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரியை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஒவ்வோர் ஆண்டுக் கடைசியிலும் இரண்டையும் மறுபடி சரிபாதி ஆக்க வேண்டும். ஏறியதிலிருந்து எடுத்து இறங்கியதில் போட வேண்டும்.

2008-இல் ஐம்பதாயிரம் சென்செக்ஸ் பணம் 23,780 ஆகிறது, வைப்பு நிதி 54,000 ஆகிறது. மொத்தம் 77,780. சரிபாதி ஆக்கினால் ஒவ்வொன்றிலும் 38,890. அதாவது சந்தை பாதியாகிக் கிடக்கும்போது வைப்பு நிதியிலிருந்து பதினைந்தாயிரத்துக்கு மேல் எடுத்துப் பங்கில் போட்டிருக்கிறீர்கள். காகிதத்தில் ஒரு வரிதான். அன்றைய செய்தித்தாள்களைப் படித்துக்கொண்டே இதைச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும் என்பது வேறு கதை. சித்தப்பா கட்டாயம் செய்திருக்க மாட்டார்.

மனம் வந்தவருக்கு 2009-இன் 81 சதவீதம் அந்த முழு 38,890-க்கும் கிடைக்கிறது. ஆறு ஆண்டு முடிவில் மொத்தம் ஏறத்தாழ 1,47,200. கூட்டு வளர்ச்சி 6.7 சதவீதம். பாதி பாதியாகப் போட்டுவிட்டு ஒருமுறைகூடச் சரிசெய்யாமல் விட்டவருக்கு 1,31,500. முழுவதும் சென்செக்ஸில் போட்டவருக்கு 1,04,400.

சராசரியைப் பார்த்தால் வேடிக்கை தெரியும். சென்செக்ஸின் சராசரி 9.3, பாதிக் கலவையின் சராசரி 8.7. சராசரியில் குறைந்தது கையில் அதிகமாக நிற்கிறது. கலவையின் ஆட்டம் 21 சதவீதம்தான் என்பதால் இழுவையும் 2 சதவீதத்தோடு நின்றுவிட்டது.

முழுவதையும் வைப்பு நிதியில் போட்டவருக்கு 1,58,700 கிடைத்திருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. இந்த ஆறு ஆண்டில் வென்றது வைப்பு நிதிதான். 2009 முதல் உள்ள ஐந்து ஆண்டில் பார்த்தால் தலைகீழ்: சென்செக்ஸ் 17, கலவை 13.6, வைப்பு நிதி 8. ஆட்டத்தைக் குறைத்தால் இழுவை குறையும் என்பது உறுதி. கலவை எப்போதும் ஜெயிக்கும் என்பது உறுதியல்ல. வரியும் உண்டு. ஒவ்வொரு முறை விற்று மாற்றும்போதும் அது கொஞ்சம் கடிக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் சரிசெய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக, கடன் வாங்கிப் பங்கு வாங்குவதற்கு முன்

மார்ஜின் கடனில் வாங்கும்போது இதே விதி எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. கையில் ஒரு லட்சம், கடன் ஒரு லட்சம், இரண்டு லட்சத்துக்குப் பங்கு. பங்கு 25 சதவீதம் இறங்குகிறது. கையிருப்பு 1,50,000, கடன் ஒரு லட்சம் அப்படியே. உங்கள் பணம் பாதியாகிவிட்டது.

அசையாமல் வைத்திருக்க முடிந்தால், பங்கு 33.3 சதவீதம் ஏறிப் பழைய விலைக்கு வரும்போது உங்கள் ஒரு லட்சமும் திரும்பி வரும், வட்டி போக. ஆனால் தரகு நிறுவனம் காத்திருக்காது. உங்கள் பணமும் கடனும் மறுபடி பாதிக்குப் பாதி ஆக வேண்டும் என்று 50,000 ரூபாய்க்குப் பங்கை விற்றுக் கடனில் வரவு வைக்கிறது என்று கொள்வோம். இப்போது பங்கு ஒரு லட்சம், கடன் 50,000. அதற்குப் பிறகு பங்கு அதே 33.3 சதவீதம் ஏறிப் பழைய விலையைத் தொடுகிறது. பங்கின் மதிப்பு 1,33,300. கடனைக் கழித்தால் 83,300. பங்கு தொடங்கிய இடத்தில் நிற்கிறது. உங்களுக்கு 16,700 ரூபாய் குறைகிறது. இறங்கியபோது விற்க வைத்ததுதான் காரணம். கலவையில் சரிசெய்தவர் செய்ததற்கு இது நேர் எதிர்.

இதை உங்கள் ஷீட்டிலேயே சோதிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் தன் பணத்துக்குச் சமமான கடனுக்குத் திரும்புபவர் என்று வைத்துக்கொண்டு, C நெடுவரிசையை 2-ஆல் பெருக்கி D-இல் இடுங்கள், வட்டி வேண்டாம். D3-இல் மைனஸ் 104.9 வரும். அதோடு அவருடைய பணம் முழுவதும் போய், கையிலிருந்து இன்னும் 4,900 ரூபாய் கட்ட வேண்டியிருக்கிறது. ஷீட்டுக்கு அது தெரியாது. நீங்கள் பெருக்கிக்கொண்டே போனால் மைனஸ் தொகையை 2009-இன் 162 சதவீதத்தால் இன்னும் பெரிய மைனஸாக்கிக் காட்டும். அங்கேயே நிறுத்தி, D4 முதல் D8 வரை அழித்துவிடுங்கள்.